படுக்க வெச்சாலும் எழுந்திரிக்கும் அட்டை!

ஃபர்ஸ்ட் இயர் என்ஜினீயரிங் மெக்கானிக்ஸ் படிச்சவங்களுக்கு இந்தப் படம் நல்லாவே ஞாபகம் இருக்கும். கீழே ஒரு செவ்வகம், அதன் தலையில தொப்பி மாதிரி ஒரு அரைவட்டம். 'இதன் சென்ட்ராய்டு எங்கே?'னு கேள்வி. டேபிள் போட்டு, பெருக்கி, வகுத்து, 'விடை' எழுதி ரெண்டு கோடு அடிச்சுட்டுப் போயிடுவோம். அந்த விடைக்கு என்ன அர்த்தம்னு கேட்டா..? வாங்க, இந்த வாரம் அதைக் கையால தொட்டே பார்த்துடலாம்.

முதல்ல கணக்கு. செவ்வகம் 10 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரம். மேலே உட்கார்ந்திருக்கிற அரைவட்டத்தின் விட்டமும் அதே 10 செ.மீ., ஆக ஆரம் 5. இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கிறதால சென்ட்ராய்டு நடுக்கோட்டுலதான் இருக்கும். அதுல சந்தேகமே வேண்டாம். எவ்வளவு உயரத்துல என்பதுதான் கேள்வி. எல்லா உயரத்தையும் அடிக்கோட்டுல இருந்தே அளக்கப் போறோம்.

செவ்வகத்தின் பரப்பளவு 60. அதன் மையம் 3 செ.மீ. உயரத்துல. பெருக்கினா 180. அரைவட்டத்தின் பரப்பளவு πr²/2, அதாவது 39.27. அதன் மையம் எங்கே? இங்கேதான் நிறைய பேர் சறுக்குறாங்க. 'அஞ்சுல பாதி ரெண்டரை'னு போட்டுடுவாங்க. அரைவட்டம் அடியில அகலம், மேலே போகப் போகக் குறுகல். பரப்பு அடியிலதான் அதிகம் குவிஞ்சிருக்கு. அதனால மையமும் பாதிக்குக் கீழேதான் இறங்கி வரும். சரியான அளவு 4r/3π. நம்ம அரைவட்டத்துக்கு 2.12 செ.மீ.

இந்த 4r/3π-யை மனப்பாடம் பண்ணி மறந்து போறவங்களுக்கு ஒரு வழி இருக்கு. அலெக்சாண்ட்ரியாவைச் சேர்ந்த பாப்பஸ் என்கிற 4-ம் நூற்றாண்டுக் கணித மேதையின் பேரால வழங்குற விதி அது. ஒரு வடிவத்தை ஒரு அச்சைச் சுத்தி முழுசா ஒரு சுத்து சுத்தினா கிடைக்கிற கன அளவு, அந்த வடிவத்தின் பரப்பளவை அதன் மையம் நடந்த தூரத்தால பெருக்கினதுக்குச் சமம். அரைவட்டத்தை அதன் விட்டத்தையே அச்சா வெச்சுச் சுத்துங்க. என்ன கிடைக்கும்? பந்து! பந்தின் கன அளவு (4/3)πr³ என்பது பத்தாம் வகுப்புலேயே நமக்குத் தெரியும். மையம் நடந்த தூரம் 2πy.

(πr²/2) × 2πy = (4/3)πr³

இதுல இருந்து y = 4r/3π தானா வந்து விழுந்துடும். பரீட்சை ஹால்ல ரெண்டே வரி வேலை.

திரும்ப நம்ம கணக்குக்கு வருவோம். அடிக்கோட்டுல இருந்து அரைவட்ட மையத்தின் உயரம் வெறும் 2.12 இல்லை, கீழே இருக்கிற செவ்வகத்தின் 6-ஐயும் சேர்க்கணும். ஆக 8.12. பரப்பளவால பெருக்கினா சுமார் 319. மொத்தம் 180 + 319 = 499. அதை மொத்தப் பரப்பு 99.27-ஆல வகுத்தா, சென்ட்ராய்டு 5.03 செ.மீ. உயரத்துல.

அந்த 6-ஐச் சேர்க்க மறந்தா என்ன ஆகும்? விடை 2.65-னு வரும். பார்த்த உடனே இது தப்புன்னு கண்டுபிடிக்கலாம். ரெண்டு துண்டுகளின் மையங்கள் 3-லயும் 8.12-லயும் இருக்கும்போது, மொத்தத்தின் மையம் ரெண்டுக்கும் நடுவுலதானே விழணும்? ஆனா, ரெண்டரை போட்டவங்களை இந்தச் சோதனை காட்டிக் கொடுக்காது. அவங்களுக்கு 5.18-னு வரும். பார்க்க நல்ல பிள்ளை மாதிரியே இருக்கும், ஆனா தப்பு!

சரி, 5.03-க்கு என்ன அர்த்தம்? ரெண்டு வடிவமும் ஒட்டுற கோடு 6 செ.மீ. உயரத்துல இருக்கு. சென்ட்ராய்டு அதுக்குக் கிட்டத்தட்ட 1 செ.மீ. கீழே, செவ்வகத்துக்குள்ளே இருக்கு. இப்போ ஒரு இஞ்ச் தடிமனுள்ள தெர்மோகோல்ல இதே வடிவத்தை வெட்டுங்க. அதைத் தலைகீழாக்கி, வளைவான பக்கம் டேபிள்ல படுற மாதிரி நிறுத்துங்க. நிற்காது. சாஞ்சு பக்கவாட்டுல படுத்துடும்.

படுத்த நிலையில கவனிங்க. டேபிளைத் தொடுறது செவ்வகத்தின் 6 செ.மீ. பக்கம். அந்தத் தட்டையான பக்கம் முடியுற இடத்துலதான் வளைவு ஆரம்பிக்குது. அதாவது, ஒட்டுற கோடு இப்போ டேபிளுக்குச் செங்குத்தா நிற்குது. சென்ட்ராய்டு அந்தக் கோட்டுக்குச் செவ்வகப் பக்கம் இருக்கிறதால, எடை தட்டையான பக்கத்துக்கு மேலேயே விழுது. தாங்க ஆள் இருக்கு; படுத்தது படுத்தபடியே கிடக்கும்.

இப்போ செவ்வகத்தின் உயரத்தை 3 செ.மீ.யாகக் குறைச்சு வெட்டுங்க. கணக்கு போட்டா செவ்வகத்துக்கு 30 × 1.5 = 45. அரைவட்டத்துக்கு 39.27 × 5.12 = 201. மொத்தம் 246-ஐ 69.27-ஆல வகுத்தா 3.55. ஒட்டுற கோடு இப்போ 3-ல இருக்கு. சென்ட்ராய்டு அதைத் தாண்டி அரைவட்டத்துக்குள்ளே அரை செ.மீ. நுழைஞ்சிடுச்சு! இதைப் படுக்க வெச்சா, எடை தட்டையான பக்கத்துக்கு வெளியே, வளைவுப் பக்கம் விழுது. அங்கே தாங்க ஒண்ணும் இல்லை. அதனால உருண்டு, ரெண்டு ஆட்டம் ஆடிட்டு, நிமிர்ந்து நின்னுடும்.

எந்த உயரத்துல ஆட்டம் மாறுது? சென்ட்ராய்டு சரியா ஒட்டுற கோட்டுலேயே விழும்போதுதான். அந்தக் கோட்டுல இருந்தே அளந்தா, செவ்வகத்தின் பங்கு 2rh × h/2 = rh². அரைவட்டத்தின் பங்கு (πr²/2) × (4r/3π) = 2r³/3. ரெண்டும் சமம்னு போட்டா, h = 0.816r. நம்ம ஆரம் 5-க்கு 4.08 செ.மீ. 6 செ.மீ. துண்டுல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா சீவிக்கிட்டே வாங்க. 4-ஐ நெருங்கும்போது படுத்துக்கிடந்தது எழுந்திரிக்க ஆரம்பிக்கும். 5 செ.மீ. இருக்கும்போதே எழுந்திரிச்சா அளவைச் சரிபாருங்க, இல்லேன்னா வளைவு வட்டமா வெட்டுப்படலைன்னு அர்த்தம்.

தஞ்சாவூர் பொம்மையும் இதே ரகம்தான். தள்ளிவிட்டா விழாம நிமிரும். ஆனா, அதோட உடம்பு 0.816-ஐ எல்லாம் மதிக்காம உயரமா இருக்கேன்னு கேட்கலாம். நம்ம கணக்கு, தடிமனும் பொருளும் எங்கேயும் ஒரே மாதிரி இருக்கிற தட்டையான துண்டுக்குத்தான். பொம்மைக்கு அடிப்பாகத்துல கனத்தைச் சேர்த்து, எடையின் மையத்தைக் கீழே இழுத்திருக்காங்க. நீங்களும் 6 செ.மீ. துண்டின் வளைவு ஓரத்துல ஒரு நாணயத்தைச் செருகிப் பாருங்க. படுத்தவன் எழுந்திரிப்பான்!