எத்தனை நாள்களாக வலி?

திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு, காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் முன் அனுமதிப் படிவத்தில் ஒரு சிறிய கட்டம் உண்டு. தற்போதைய நோய் எத்தனை நாள்களாக இருக்கிறது என்று அது கேட்கிறது. அதை ஒட்டியே, இந்த நோய்க்காக முதன்முதலில் மருத்துவரைப் பார்த்த தேதியும் கேட்கப்படுகிறது. இந்த இரண்டு விவரங்களும் மருத்துவக் குறிப்புகள் போலத் தோன்றினாலும், பெரும்பாலான நேர்வுகளில் பணம் கிடைக்குமா, கிடைக்காதா என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன. நோயாளியின் பெயரால் அனுப்பப்படும் அந்தப் பக்கத்தை நோயாளி படித்துப் பார்ப்பது அரிது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே 29 அன்று வெளியிட்ட தலைமைச் சுற்றறிக்கைக்குப் பிறகு, பணமில்லாச் சிகிச்சை பற்றிய விவாதம் முழுவதும் கடிகாரத்தைச் சுற்றியே நடக்கிறது. முன் அனுமதிக் கோரிக்கை மீது ஒரு மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். நோயாளி வீடு திரும்பும் நாளில் இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று அது சொல்கிறது. நல்ல விதிகள்தாம். ஆனால், தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் நான் கண்டது வேறு. ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்துவிடுகிறது. பல நேரங்களில் அந்தப் பதில் ஒப்புதலாகவோ மறுப்பாகவோ இல்லாமல், வினாவாக இருக்கிறது. வினா வந்த கணத்தில் பந்து மருத்துவமனையின் பக்கம் வந்துவிடுகிறது, கடிகாரம் நின்றுவிடுகிறது.

ஒரு நேர்வை முழுமையாகப் பார்த்தால் இது விளங்கும். நாற்பத்தாறு வயதுப் பெண்மணி. கணவர் துறைமுகத்தையொட்டிய சரக்குப் பெட்டக முனையம் ஒன்றில் மேற்பார்வையாளர். குடும்பத்துக்கு ஐந்து லட்ச ரூபாய் காப்பீடு எடுத்து, இடைவெளியின்றிப் புதுப்பித்து, 34 மாதங்கள் ஆகியிருந்தன. அவருக்குப் பித்தப்பையில் கற்கள். லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்ற அறுவை மருத்துவர் நாள் குறித்துவிட்டார். அவருடைய காப்பீட்டில் பித்தப்பைக் கற்களுக்கான காத்திருப்புக் காலம் 24 மாதங்கள். அது எப்போதோ முடிந்துவிட்டது. காப்பீடு எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலமோ 36 மாதங்கள். அது முடிய இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன.

புறநோயாளிச் சீட்டில், 'மேல்வயிற்று வலி, 3 ஆண்டுகள்' என்று ஒரு வரி. பணி மருத்துவர் நோயாளியிடம் கேட்டு அவசரமாகக் குறித்தது. காப்பீட்டுப் பிரிவு ஊழியர் அந்த வரியை அப்படியே படிவத்தில் ஏற்றினார். நோய்: பித்தப்பைக் கற்கள். சிகிச்சை: பித்தப்பை அகற்றல். காலம்: மூன்று ஆண்டுகள். மருத்துவ நியாயம் என்ற பெயரில் போனது இவ்வளவுதான். மூன்று ஆண்டுகள் என்றால் 36 மாதங்கள். காப்பீடோ 34 மாதங்கள். கழித்துப் பார்க்க நிறுவனத்தின் மருத்துவ அலுவலருக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்பட்டிருக்காது. நோய் தொடங்கிய நாளிலிருந்து உள்ள எல்லா மருத்துவச் சீட்டுகளையும், நோயின் காலம் குறித்துச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் கடிதத்தையும் அனுப்பும்படி வினா வந்தது. அந்த வினாவை நான் குறைசொல்ல மாட்டேன். படிவத்தில் இருந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால், அதைக் கேட்காமல் இருப்பதுதான் கவனக்குறைவு.

அறுவை மருத்துவர் நோயாளியிடம் உட்கார்ந்து மீண்டும் கேட்டபோது கதை வேறாக இருந்தது. மூன்று ஆண்டுகளாக இருந்தது நெஞ்செரிச்சலும் உப்புசமும். அதற்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டதைத் தவிர எந்த மருத்துவரையும் அவர் பார்த்ததில்லை. இப்போதைய வலியின் தன்மையே வேறு. சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் வலது விலாவின் கீழே தொடங்கி, முதுகுப்புறம் தோள்பட்டை வரை ஏறி, மணிக்கணக்கில் நின்று, பிறகு முற்றிலும் அடங்கிவிடும் வலி. அது முதலில் வந்தது ஐந்து மாதங்களுக்கு முன்பு. அந்த வாரமே ஸ்கேன் எடுத்திருக்கிறார். கற்கள் முதன்முறையாகத் தெரிந்தது அதில்தான். இரண்டாவது முறை நள்ளிரவில் வலி வந்து, அவசரப் பிரிவில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறார்.

மருத்துவ நியாயம் என்பது இந்தக் கதையைத் தேதிகளோடும் சான்றுகளோடும் எழுதுவதுதான். பித்தப்பையில் கல் இருக்கிறது என்பது மட்டுமே அறுவை சிகிச்சைக்குக் காரணமாகிவிடாது. வேறு எதற்காகவோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்து, எந்தத் தொல்லையும் தராத கற்களைப் பொதுவாக மருத்துவர்கள் தொடுவதில்லை. அத்தகையோரில் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதும் தொல்லை வருவதுமில்லை. வலி ஒருமுறை வந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. அது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். பித்தப்பை அழற்சி, பித்தநாள அடைப்பு, கணைய அழற்சி என்று அது வளரவும் கூடும். எனவே, 'கல் இருக்கிறது' என்பதற்கும் 'கல் தொல்லை தருகிறது' என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடுதான் இந்தக் கோரிக்கையின் உயிர்நாடி. ஒழுங்குமுறை ஆணையத்தின் வரையறைப்படி மருத்துவத் தேவையுள்ள சிகிச்சை என்பது, நோய்க்கு அவசியமானதாக, அளவிலும் காலத்திலும் தீவிரத்திலும் தேவைக்கு மிகாததாக, மருத்துவர் பரிந்துரைத்ததாக, ஏற்கப்பட்ட மருத்துவ நெறிகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். முதலில் அனுப்பிய மூன்று வரிகளில் இவற்றில் எதற்கும் விடை இல்லை.

மருத்துவர் எழுதிய புதிய கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. வலி வந்த இரண்டு நாள்களின் தேதிகள், அவசரப் பிரிவுச் சீட்டின் நகல், ஸ்கேனில் பல கற்கள், பெரியது 14 மில்லிமீட்டர், பித்தநாளம் விரிவடையவில்லை, கல்லீரல் பரிசோதனை முடிவுகள் இயல்பு. பழைய நெஞ்செரிச்சல் தனியானது, அதற்காக மருத்துவ ஆலோசனை பெறப்படவில்லை என்று ஒரு வரி. மாத்திரைகளால் நிலையான தீர்வு இல்லை என்பதால் அறுவை சிகிச்சை. முழு மயக்க மருந்து தேவைப்படுவதால் உள்நோயாளியாக இரண்டு நாள்கள். அவ்வளவே.

இதில் 'மருத்துவ ஆலோசனை பெறப்படவில்லை' என்ற வரிக்குச் சட்டப்பூர்வமான எடை உண்டு. முன்பே இருந்த நோய் என்பதற்கு இப்போதுள்ள வரையறை, காப்பீடு தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவரால் கண்டறியப்பட்டதாகவோ, அதற்காக மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ பெற்றதாகவோ இருக்க வேண்டும் என்கிறது. எவரும் பரிசோதித்துச் சொல்லாத ஒரு வயிற்று உபாதை இந்த வரையறைக்குள் வராது. நோயாளி பேச்சுவாக்கில் 'ரெண்டு மூணு வருஷமா இருக்குங்க' என்று சொல்வதை, நோய் கண்டறியப்பட்ட காலமாகப் படிவத்தில் மாற்றி எழுதுவது மொழிபெயர்ப்பு அல்ல, தவறான பதிவு. நம் மக்கள் வலியின் காலத்தைச் சொல்லும் முறை தளர்வானது. படிவம் அதை மாதக் கணக்கில் வாசிக்கிறது.

ஒன்றை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெண்மணிக்குக் காப்பீடு எடுக்கும் முன்பே ஸ்கேனில் கல் தெரிந்திருந்தால், கடிதத்தில் அதைத்தான் எழுதியாக வேண்டும். வலி தணிந்திருக்கும்பட்சத்தில் இரண்டு மாதங்கள் காத்திருப்பது பற்றி மருத்துவரோடு பேச வேண்டும். தேதியை வளைக்கச் சொல்லும் உறவினர்களையும், அதற்கு இசையும் மருத்துவமனைகளையும் நான் பார்த்திருக்கிறேன். பழைய சீட்டு ஒன்று வெளிப்பட்டால் போவது ஓர் அறுவை சிகிச்சையின் பணம் மட்டுமல்ல, காப்பீடே ரத்தாகலாம். தொடர்ந்து 60 மாதங்கள் நிறைவடைந்த பிறகு, தகவலை மறைத்ததைக் காட்டி நிறுவனம் கோரிக்கையை மறுக்க முடியாது என்பது உண்மை. மோசடி என நிறுவப்பட்டால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

கடிதம் போன பிறகும் உடனே ஒப்புதல் வரவில்லை. ஸ்கேன் படம் வேண்டும் என்று ஒரு வினா. அதை அனுப்பியதும், அவசரப் பிரிவுச் சீட்டில் முத்திரை தெளிவாக இல்லை என்று இன்னொன்று. மொத்தம் ஐந்து நாள்கள். என் வாதம் இங்கேதான் இருக்கிறது. முதல் வினா நியாயமானது. அடுத்த இரண்டையும் ஒரே முறையில் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய அனைத்தையும் ஒரே முறையில் கேட்க வேண்டும், அதன்பின் புதிய ஆவணத்தில் புதிய ஐயம் எழுந்தால் ஒழிய வினா எழுப்பக் கூடாது என்ற கட்டுப்பாடு இல்லாதவரை, ஒரு மணி நேர விதி வினாக்களின் வேகத்தைத்தான் கூட்டும். மருத்துவமனைகளும் தப்ப முடியாது. மருத்துவர் எழுத வேண்டிய பகுதியை எழுத்தர் நிரப்பி, மருத்துவர் படிக்காமல் கையொப்பமிடும் வழக்கம் இருக்கும் இடத்தில் முதல் வினாவைத் தவிர்க்க வழியில்லை.

இந்த ஐந்து நாள்களின் விலை, வட சென்னையில் பெரும்பாலும் அடகுக் கடையில் கணக்கிடப்படுகிறது. பணமில்லா அனுமதி மறுக்கப்பட்டால் காப்பீடே மறுக்கப்பட்டுவிட்டதாகப் பல குடும்பங்கள் நினைத்துக்கொள்கின்றன. அது அப்படியல்ல, கையிலிருந்து கட்டிவிட்டு, எல்லா ஆவணங்களோடும் பின்னர் அதே தொகையைக் கோரலாம். ஆனால், கட்டுவதற்குக் கையில் பணம் இருக்க வேண்டுமே! நகை அங்கே போகிறது. காப்பீட்டுத் தொகை வந்து அதை மீட்கும்வரை வட்டி ஏறுகிறது. அந்த வட்டியை எந்தக் காப்பீடும் தருவதில்லை. அருகிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. ஆண்டு வருமான வரம்பு 1.20 லட்ச ரூபாய் என்பதால், மேற்பார்வையாளரின் குடும்பம் அதற்குள் வராது.

திட்டமிட்ட சிகிச்சையில் இருக்கும் ஒரே வசதி, நாள்கள் கையில் இருப்பது. இணைப்புப் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் பணமில்லாச் சிகிச்சை பெற 48 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்பது 2024 ஜனவரியில் வந்த ஏற்பாடு. நான் எவருக்கும் சொல்வது, அது எந்த மருத்துவமனையாயினும், ஒரு வாரம் முன்னதாகவே படிவம் போகட்டும் என்பது. அனுப்பும் முன் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் காலம், முதல் ஆலோசனைத் தேதி, பழைய நோய்கள் ஆகிய மூன்று கட்டங்களையும் தமிழில் வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். மறுப்பு வந்தால், காப்பீட்டு ஒப்பந்தத்தின் எந்த விதியின் கீழ் மறுக்கப்படுகிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். அதைச் சொல்வது நிறுவனத்தின் கடமை. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர் ஒரு மாதத்தில் தீர்க்காவிட்டால், தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். 50 லட்ச ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கிறார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

அந்தப் பெண்மணிக்கு ஆறாவது நாள் ஒப்புதல் வந்தது. குறித்த தேதி தவறி, அடுத்த வாரம் அறுவை சிகிச்சை நடந்தது. இடைப்பட்ட நாள்களில் மூன்றாவது முறையும் வலி வந்திருந்தது.