வீட்டை நம்பும் பூட்டு

மரக்காணம் உப்பளத்தில் பாடுபடுகிறவர்களின் கைகளைப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். உப்பு நீரில் ஊறி ஊறி, விரல் நுனியில் ரேகை தேய்ந்து, தோல் வெடித்திருக்கும். அந்த விரலைச் செல்போன் மீது வைத்தால் போன் திறப்பதில்லை. ரேகை தேயாத விரலாக இருந்தாலும் ஈரமாக இருந்தாலே போதும். பல போன்கள் திறக்க மறுக்கின்றன. ரேகையின் மேட்டையும் பள்ளத்தையும் மின்சாரத்தைக் கொண்டு அளக்கும் கருவிகள் உண்டு. உப்பு நீரோ மின்சாரத்தை நன்றாகக் கடத்துவது. பள்ளத்தில் அந்த நீர் நின்றால் மேடு எது, பள்ளம் எது என்று கருவிக்குத் தெரியாமல் போகிறது. பிறகு எண்ணை அடித்துத்தான் திறக்க வேண்டும். ஒரு நாளில் ஐம்பது முறை எண் அடிப்பதற்கு யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

இந்தத் தொல்லைக்கு ஆண்ட்ராய்டு போனுக்குள்ளேயே ஓர் உபாயம் இருக்கிறது. "நான் வீட்டில் இருக்கும்போது பூட்டிக்கொள்ளாதே" என்று போனுக்குச் சொல்லிவிடலாம். அல்லது "என் கைக்கடிகாரம் பக்கத்தில் இருக்கும்வரை பூட்டிக்கொள்ளாதே" என்றும் சொல்லலாம். 2014ஆம் ஆண்டில் இந்த வசதி வந்தபோது ஸ்மார்ட் லாக் என்று பெயர் வைத்தார்கள். 2023இல் அதை Extend Unlock என்று மாற்றினார்கள். போனின் Settings பகுதியில் இந்தப் பெயரைத் தேடினால் கிடைக்கும்; பழைய போன்களில் Smart Lock என்றே இருக்கும்.

வசதி நல்ல வசதிதான். ஆனால் அந்தப் பூட்டு யாரை நம்புகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதை உபயோகிப்பது நல்லதல்ல.

திறக்கும் பூட்டல்ல, பூட்டாத பூட்டு

பெயர் மாறியதில் ஒரு பொருள் உண்டு. ஆரம்பத்தில், வீட்டு வாசலை நெருங்கினாலே பூட்டிய போன் தன் பூட்டைத் தளர்த்திக்கொள்ளும். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் இது மாறியது. இப்போது உரியவர் ஒரு முறை ரேகையோ எண்ணோ கொடுத்துத் திறக்க வேண்டும். திறந்த போனை மீண்டும் பூட்டிக்கொள்ளாமல் நான்கு மணி நேரம் வரை வைத்திருப்பதுதான் இந்த வசதியின் வேலை. வீட்டை விட்டு வெளியே போனாலோ, போனை அணைத்து மீண்டும் போட்டாலோ, பழையபடி எண் கேட்கும்.

இது முன்னைவிட நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் நான்கு மணி நேரம் என்பது சிறிது நேரமல்ல. மாலை ஆறு மணிக்கு ஒரு முறை திறந்து அலமாரியில் வைத்த போன், இரவு பத்து மணிவரைகூட எடுத்தவர் கையில் திறந்துகொள்ளலாம். எடுத்தவர் யார் என்று அது கேட்பதில்லை. அது பார்ப்பது இடத்தை, ஆளை அல்ல.

வீடு எங்கே முடிகிறது?

வீடு என்றால் நான்கு சுவர் என்று நாம் நினைக்கிறோம். போனுக்குச் சுவர் தெரியாது. வானத்துச் செயற்கைக் கோள்களையும் அக்கம்பக்கத்து வை-பை அலைகளையும் வைத்து, "ஏறக்குறைய இந்த இடம்" என்று அது மதிப்பிடுகிறது. இந்த நம்பிக்கை வட்டம் சுமார் 80 மீட்டர் வரை பரவக்கூடும் என்று கூகுள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் எச்சரித்திருக்கிறது.

80 மீட்டர் என்பது எவ்வளவு? மரக்காணம் போன்ற கடலோர ஊரில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. நடுவீட்டிலிருந்து நாலாபக்கமும் 80 மீட்டர் அளந்தால் எதிர் வரிசை அடங்கும்; பின் தெருவும் அடங்கும்; தெருமுனை டீக்கடையும் அடங்கலாம். அந்த இடமெல்லாம் போனின் கணக்கில் "வீடு"தான். டீக்கடைப் பெஞ்சில் மறந்து வைத்த போன், வீட்டு அலமாரியில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு திறந்தபடி கிடக்கும்.

இதை அவரவரே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். போனைத் திறந்து, திரையை அணைத்து, கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும். இருபது அடிக்கு ஒரு முறை திரையை ஏற்றி, ரேகை வைக்காமல் தள்ளிப் பார்க்க வேண்டும். எந்த வீட்டு வாசலில் போன் முதன்முதலாக எண் கேட்கிறதோ, அதுதான் அன்றைய எல்லை. மறுநாள் அந்த எல்லை வேறு இடத்தில் இருந்தால் வியப்படைய வேண்டாம். மதிப்பீடுதானே!

ஆணியில் தொங்கும் கடிகாரம்

"அப்படியானால் கடிகாரமே மேல், அது என் கையை விட்டுப் போகாதே" என்று சிலர் சொல்லக்கூடும். உப்பளத்தில் அந்த வாதம் நிற்காது. உப்பு நீர் கடிகாரத்தைக் கெடுத்துவிடும் என்று பயந்து, பாத்தியில் இறங்குமுன் அதைக் கழற்றிக் கொட்டகை ஆணியில் மாட்டுவதுதான் இயல்பு. போனும் அதே கொட்டகையில், அதே பையில் இருக்கும். போன் என்ன நினைக்கும்? கடிகாரம் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே எஜமானரும் பக்கத்தில் இருக்கிறார் என்று நினைக்கும். எஜமானரோ கால் மைல் தூரத்தில் உப்பு வாரிக்கொண்டிருப்பார்.

போனுக்கும் கடிகாரத்துக்கும் உள்ள தொடர்பு புளூடூத் என்னும் வானொலி அலை. அது எட்டும் தூரம் கருவிக்குக் கருவி மாறும். 100 மீட்டர் வரைகூட எட்டலாம் என்று அதே உதவிக் குறிப்பு சொல்கிறது. சுவரும் கூரையும் அந்த அலையைத் தடுக்கும். உப்பளமோ கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி; தடுக்க ஒன்றுமில்லை. ஆகவே வீட்டில் இரண்டு அறை தாண்டினால் அறுந்துபோகும் தொடர்பு, உப்பளத்தில் வரப்பு பல தாண்டியும் நீடிக்கலாம்.

எல்லாக் கடிகாரமும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2021இல் ஆப்பிள் நிறுவனம், முகக்கவசம் அணிந்தவர்கள் தங்கள் ஐபோனைக் கடிகாரத்தின் துணையால் திறக்க வழி செய்தது. அங்கே கடிகாரத்துக்கே தனி எண் உண்டு. அது கையில் கட்டியிருக்க வேண்டும். கழற்றினால் தானே பூட்டிக்கொள்ளும். போன் திறக்கும்போது மணிக்கட்டில் ஒரு அதிர்வு கொடுத்துச் சொல்லும். வேண்டாம் என்றால் அங்கிருந்தே பூட்டலாம். கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் கடிகாரங்கள் பலவற்றுக்கு இந்தப் புத்தி கிடையாது. மணிக்கட்டில் இருக்கிறோமா, ஆணியில் தொங்குகிறோமா என்பது போனின் பூட்டைப் பொறுத்தவரை அவற்றுக்கு ஒன்றுதான்.

திறந்த போனில் என்ன போகும்?

ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். கணவன், மனைவி இருவரும் உப்பளத்தில் வேலை செய்கிறார்கள். வங்கிக் கணக்கு மனைவியின் பெயரில், போனும் அவருடையது. விரல் ரேகை விழாததால் வீட்டை நம்பிக்கை இடமாகப் போட்டிருக்கிறார். மாலையில் போனைத் திறந்து மகளிடம் பேசிவிட்டு, அலமாரியில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போகிறார். வீட்டுக்கு வந்திருக்கும் உறவுக்காரப் பையன் போனை எடுக்கிறான்.

"பணம் அனுப்ப யு.பி.ஐ. எண் வேண்டுமே, அது அவனுக்குத் தெரியாதே" என்று கேட்கலாம். பெரிய தொகைக்கு வேண்டும். ஆனால் யு.பி.ஐ. லைட் என்ற சில்லறைக் கணக்குக்கு எண் வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அதன் வரம்பை உயர்த்தியது: ஒரு தடவைக்கு 1,000 ரூபாய், மொத்த இருப்பு 5,000 ரூபாய். பணம் நிறைந்திருக்கும் லைட் கணக்கு, செயலிக்குத் தனிப் பூட்டு இல்லாத போனில் இருந்தால், ஐந்து தட்டில் ஐயாயிரமும் போய்விடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் அந்தப் போனுக்கே வருகிறது. ஏ.டி.எம். அட்டையும் அதே அலமாரியில் இருந்தால், அட்டை எண்ணின் கடைசி ஆறு இலக்கமும், காலாவதித் தேதியும், அந்தக் கடவு எண்ணும் சேர்ந்து புதிய யு.பி.ஐ. எண்ணையே அமைக்க வழி செய்யலாம். சில வங்கிகள் ஏ.டி.எம். எண்ணையும் கேட்பது ஒரு தடை. அந்த எண்ணையும் அட்டையின் உறையில் எழுதி வைத்திருந்தால் அந்தத் தடையும் இல்லை.

பிறகு வங்கியில் முறையிட்டால் என்ன ஆகும்? 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதியின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டத்தை, புகார் கொடுக்கும்வரை வாடிக்கையாளரே ஏற்க வேண்டும். புகார் கொடுத்த பின் நேரும் நஷ்டம் வங்கியுடையது. ஆகவே பணம் போனதாகத் தெரிந்தவுடன் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்வதில் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

என்னதான் செய்வது?

தனியாக வாழ்கிறவர், கை நடுங்கும் முதியவர், கடிகாரத்தைக் கழற்றாமல் கட்டியிருப்பவர் ஆகியோருக்கு இந்த வசதி உதவக்கூடும். பலர் வந்து போகும் வீட்டுக்கும், பொதுக் கொட்டகைக்கும் இது ஏற்றதல்ல. வேண்டாம் என்று எடுத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

ரேகைத் தொல்லைக்கு வேறு வழி உண்டு. அதிகம் உராயாத விரலை, கையை நன்றாகத் துடைத்து உலர்த்திப் பதிவு செய்யலாம். ஒரே விரலை இரண்டு முறை பதிந்து வைத்தாலும் பலன் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் உப்பளம் ஓய்ந்திருக்கும் மாதங்களில் தோல் ஆறி, ரேகை மீண்டும் எழும். அப்போது புதிதாகப் பதிவது நல்லது. திரை அணைந்த பின் எவ்வளவு நேரம் கழித்துப் பூட்ட வேண்டும் என்ற அமைப்பும் பல போன்களில் இருக்கிறது. அதில் ஐந்து நிமிஷம் என்று வைத்தால் எண் அடிக்கும் வேலை பெரிதும் குறையும். நான்கு மணி நேரம் திறந்து கிடப்பதைவிட ஐந்து நிமிஷம் எவ்வளவோ மேல்.

எடுத்துவிட மனம் வரவில்லை என்றால் இரண்டு காரியங்களையாவது செய்ய வேண்டும். முதலாவது, பணச் செயலிகளுக்குத் தனிப் பூட்டுப் போடுவது. அந்தப் பூட்டு ஒவ்வொரு முறையும் ரேகையோ எண்ணோ கேட்கும்; போன் வீட்டில் இருக்கிறது என்பதற்காக அது விட்டுக்கொடுக்காது. இரண்டாவது, போனைக் கீழே வைக்குமுன் பூட்டுத் திரையிலுள்ள பூட்டுச் சின்னத்தைத் தொட்டுவிடுவது. தொட்டால் உடனே பூட்டிக்கொள்ளும். அடுத்த முறை உரியவர்தான் திறக்க வேண்டும்.

ஊரார் எல்லாரும் கள்வர்கள் என்று இதற்குப் பொருளல்ல. வீட்டுக்கு வருகிறவர்களை நம்புவதும் நம்பாததும் வீட்டுக்காரர் உரிமை. அந்த உரிமையைச் சுவரையும் ஆளையும் பிரித்தறியத் தெரியாத ஒரு யந்திரத்திடம் ஒப்படைக்கக் கூடாது.