உடல் எடையைத் தோளில் சுமக்க ஒரு மாதம் போதாது

உடற்பயிற்சிக் கூடத்திற்குப் போகத் தொடங்கும் மாணவர்கள் பலருக்கு முதல் கனவு ஒன்றுதான். தன் உடல் எடைக்குச் சமமான பாரத்தைத் தோளில் வைத்து, முழுமையாக உட்கார்ந்து எழ வேண்டும். ‘ஸ்குவாட்’ எனப்படும் இந்தப் பயிற்சிக்கு அது நல்ல இலக்கு. ஆனால் எத்தனை நாளில் என்று கேட்டால், “ஒரு மாதத்தில், சார்” என்று பதில் வருகிறது. படிவம் 4 மாணவருக்கு 6 மாதம் என்பதே நியாயமான கணக்கு என்பது என் கருத்து.

ஒரு மாதம் என்ற எண்ணம் எப்படி வருகிறது? முதல் சில வாரங்களில் பலம் வேகமாகக் கூடும். அப்போது தசை பெரிதாக வளர்ந்திருக்காது. ஏற்கெனவே உள்ள தசை நார்களில் அதிகமானவற்றை ஒரே நேரத்தில் இயக்க மூளையும் நரம்புகளும் பழகிக்கொள்கின்றன. அந்தப் பழக்கம் வந்த பிறகு தசை வளர்ந்தால்தான் பலம் கூடும். தசை வளர்வதற்கு மாதக்கணக்கில் ஆகும். எலும்போடு தசையை இணைக்கும் தசைநாண் உறுதிப்பட இன்னும் அதிக காலம் பிடிக்கும். வரைபடம் போட்டால், தொடக்கத்தில் செங்குத்தாக ஏறும் கோடு பிறகு சாய்ந்துவிடும். முதல் இரண்டு வாரத்தை வைத்து நேர்க்கோடு வரைந்தால் கணக்கு தப்பும்.

60 கிலோ எடையுள்ள 16 வயது மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் 4 வாரம் பாரமில்லாமலும், பிறகு சிறிய எடையை நெஞ்சோடு அணைத்தும் உட்கார்ந்து எழப் பழகுகிறார். நான்காவது வாரக் கடைசியில் 20 கிலோ இரும்புத் தண்டை மட்டும் தோளில் வைக்கிறார். அதன் பிறகு வாரத்திற்கு இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஐந்தைந்தாக மூன்று சுற்று. வாரத்திற்கு 2.5 கிலோ கூட்டுகிறார்.

60 கிலோவை ஒரு முறை தூக்க முடியுமா என்று அறிய, அந்த எடையையே போட்டுச் சோதிக்கத் தேவையில்லை. எப்லி சூத்திரம் உதவும்:

எடை × (1 + எண்ணிக்கை ÷ 30)

52.5 கிலோவுடன் 5 முறை எழுந்தால், ஒரு முறைக்கான பலம் சுமார் 61 கிலோ என்று வரும். இது தோராயம்தான். பத்து முறைக்கு மேல் போனால் நம்பகம் குறையும். ஐந்து முறைக்கு இது போதும்.

20 கிலோவிலிருந்து 52.5 கிலோவுக்கு 13 படிகள், அதாவது 13 வாரம். தொடக்கப் பழக்கத்தோடு 17 வாரம். பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தேர்வுக்கும் பண்டிகைக்கும் 3 வாரம் போகும். உடல் தேறுவதற்காக நான்கு வாரத்திற்கு ஒரு முறை பாரத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு 3 வாரம். ஒரே எடையில் தேங்கி நிற்பதற்கு இன்னும் 3 வாரம். மொத்தம் 26 வாரம். இதற்குள் அவர் உடலும் வளர்ந்து 62 கிலோ ஆகியிருக்கலாம். ஆகவே, தொடங்கிய நாளின் எடையையே இலக்காக எழுதி வைப்பது நல்லது.

அவசரப்படுகிறவர்களிடம் ஓர் அறிகுறி தெரியும். பாரம் கூடக் கூட, உட்காரும் ஆழம் குறையும். பாதி உட்கார்ந்தால் யாராலும் அதிக எடையைத் தூக்க முடியும். தண்டில் எண் ஏறுகிறது, பலம் ஏறவில்லை. இடுப்பு மடிப்பு முழங்காலின் மேற்பகுதிக்குக் கீழே இறங்குவதுதான் முழு ஆழம். பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் காணொளி எடுத்து, முதல் மாதக் காணொளியோடு ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். குதிகால் தரையைவிட்டு எழுந்தாலும், முழங்கால்கள் உள்பக்கம் சாய்ந்தாலும், அடுத்த வாரமும் அதே எடைதான். இரண்டு வாரமும் அப்படியே என்றால் பத்தில் ஒரு பங்கு குறைத்து மீண்டும் ஏறுங்கள். பாரத்தைத் தாங்கும் பாதுகாப்புக் கம்பிகள் உள்ள சட்டத்தினுள், பயிற்றுநர் அருகில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

எல்லாருக்கும் 26 வாரம் பொருந்தாது. தண்டே பாரமாக இருக்கும் மாணவ மாணவியர் 15 கிலோ தண்டில் தொடங்கி, வாரத்திற்கு 1.25 கிலோ மட்டும் கூட்டலாம். அவர்களுக்கு ஓராண்டு ஆனாலும் அது தோல்வியாகாது.

பாதி வழியில், 13ஆம் வாரத்தில், கணக்கைப் பாருங்கள். நம் மாணவரின் தண்டு அப்போது 35 கிலோவை எட்டியிருந்தால் திட்டம் சரியாகப் போகிறது. 30 கிலோவில் நின்றால், நாட்காட்டியில் இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். ஆழத்தைக் குறைத்து ஈடுகட்ட வேண்டாம்.