உறவினர் மொழிபெயர்க்கலாமா?

மும்பை தாராவியில் வாழும் தமிழ்ப் பெண் ஒருவர், பத்து நாட்களாக நிற்காத உதிரப்போக்குடன் மாநகராட்சி மருத்துவமனைக்குச் செல்வதாகக் கொள்வோம். மருத்துவர் மராத்தியும் இந்தியும் பேசுபவர். அப்பெண்ணுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். இந்தி அறிந்த மாமியார் உடன் வந்திருக்கிறார். “கருக்கலைப்பு மாத்திரை ஏதேனும் சாப்பிட்டாரா?” என்று மருத்துவர் கேட்கிறார். மருமகளிடம் கேட்காமலேயே “இல்லை” என்கிறார் மாமியார். மூன்று வாரங்களுக்கு முன் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டது அப்பெண்ணுக்கும் கணவருக்கும் மட்டுமே தெரியும்.

மருத்துவச் சீட்டில் “இல்லை” என்பதே பதிவாகிறது. அரைகுறையாகக் கலைந்த கரு கருப்பையில் தங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழாமல் போகலாம். உதிரப்போக்கை நிறுத்தும் மாத்திரையோடு அவர் வீட்டுக்கு அனுப்பப்படலாம். அடுத்த வாரம் காய்ச்சலும் நோய்த்தொற்றுமாகத் திரும்பி வரலாம். மாமியாரிடம் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. தமக்குத் தெரிந்ததையே அவர் சொன்னார். அவர் கேள்வியை நேர்மையாக மொழிபெயர்த்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? மாமியார் முன்னால் மருமகள் “ஆம்” என்று சொல்லியிருப்பாரா?

சிக்கலின் இரு முனைகளும் இங்கே தெரிகின்றன. உறவினர் சொல்லை விடுவார், சேர்ப்பார், தாமே பதில் சொல்வார். அவர் பிழையின்றி மொழிபெயர்த்தாலும் நோயாளியின் அந்தரங்கம் அந்த நொடியிலேயே பறிபோகிறது.

நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் கடமையை 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் மருத்துவர்மீது சுமத்துகின்றன. 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம், சிகிச்சை பெற்ற பெண்ணின் பெயரையும் விவரங்களையும் வெளியிடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. ஆனால் இக்கடமைகள் மருத்துவரைக் கட்டுப்படுத்துபவை. இடையில் அமர்ந்து அனைத்தையும் கேட்கும் உறவினருக்குத் தொழில் நெறியும் இல்லை, இரகசியம் காக்கும் உறுதிமொழியும் இல்லை.

ஒப்புதலில் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைகிறது. சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இங்கே நினைவுகூரத்தக்கது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த பெண்ணின் கருப்பையை, வெளியே இருந்த தாயாரின் சம்மதத்தைப் பெற்று அகற்றினார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், வயதுவந்த நோயாளிக்குப் பதிலாகத் தாய் தரும் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். அப்படியானால், நோயாளி விழித்திருந்தும் மொழி புரியாமல் இருக்க, கணவரோ மாமியாரோ “சரி என்கிறார்” என்று சொல்வது மட்டும் எப்படி ஒப்புதலாகும்?

இதனால் உறவினர் எதையுமே மொழிபெயர்க்கக் கூடாது என்று கொள்ள வேண்டியதில்லை. எந்த அறைக்குப் போவது, மாத்திரையை எப்போது விழுங்குவது என்பவற்றை அவர் சொல்லலாம். உயிர் போகும் அவசரத்திலும் வேறு வழியில்லை. ஆனால் கருவுறுதல், பால்வினை நோய், எச்.ஐ.வி., மனநலம், குடும்ப வன்முறை, அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகியவற்றில் உறவினரை விலக்கியே ஆக வேண்டும். பள்ளியில் இந்தி கற்ற பிள்ளையைக் கொண்டு தாயின் நோயை விசாரிப்பது எந்நிலையிலும் தகாது.

அண்டை வீட்டுக்காரரை அழைப்பதும் தீர்வாகாது. ஒரே குடியிருப்பைச் சேர்ந்தவர் என்றால், உறவினரைவிட அவரிடமே நோயாளி அதிகம் அஞ்சக்கூடும். எனவே உறவினரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மொழி தெரிந்த செவிலியர் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ, “யார் மொழிபெயர்க்க வேண்டும்?” என்று முதலில் நோயாளியிடமே கேட்க வேண்டும். தொலைபேசியில் நோயாளியின் பெயரையோ முகவரியையோ சொல்லத் தேவையில்லை. நோயாளி உறவினரையே விரும்பினால், அதைச் சீட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். உடல் பரிசோதனையின்போது அவர் திரைக்கு வெளியே நிற்க வேண்டும். முடிவில், புரிந்துகொண்டதை நோயாளியையே தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும். மருத்துவரின் நீண்ட விளக்கம் இரண்டு சொற்களில் முடிந்துவிட்டாலோ, கேள்வி நோயாளியைச் சென்றடையும் முன்பே பதில் வந்துவிட்டாலோ, அந்த மொழிபெயர்ப்பை நம்பலாகாது.

இதை மருத்துவரின் நல்லெண்ணத்திற்கு மட்டும் விட்டுவிட முடியாது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் முன்வைத்த நோயாளர் உரிமைச் சாசனம், நோயாளிக்குத் தெரிந்த மொழியில் விளக்கம் பெறுவதை உரிமை என்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகளுக்காக, மாவட்டந்தோறும் மொழிபெயர்ப்பாளர் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் கூறுகின்றன. அதே ஏற்பாடு, ஊதியத்தோடும் இரகசியக் காப்பு உறுதிமொழியோடும், புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் குவியும் நகரங்களின் பொது மருத்துவமனைகளுக்கும் வேண்டும். தாராவியின் தமிழருக்கு இது எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை திருப்பூரின் ஒடியா தொழிலாளிக்கும் உண்டு.

தொழிலாளர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் தோழர்களும் மொழிபெயர்ப்பாளர் இருக்கையில் அமர நேர்கிறது. நோயாளியின் அனுமதியைப் பெற்று அமர்வதும், அங்கே கேட்டதைச் சங்க அலுவலகம்வரை கொண்டுவராமல் இருப்பதும் அவர்களின் கடமை.