ஒரு கிழமைக்கு மூண்டு

எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவுக்கு மூட்டுவாதம். பதினொரு நாள் வாட்டில் வைத்திருந்துவிட்டுத் துண்டு வெட்டினார்கள். அட்டையில் ஆங்கிலத்தில் இருந்தது ஒரே வரி: எம்.ரி.எக்ஸ். 7.5 மி.கி. வீக்லி, 4/52. கீழே, ‘ரிவியூ இஃப் அன்வெல்’. மருந்து உறையில் 2.5 மில்லிகிராம் குளிசை பன்னிரண்டு.

பேத்தி ஏ.எல். படிக்கிறவள். வாசித்தாள், கணக்குப் பார்த்தாள், பிழையில்லாமல் சொன்னாள்: “ஒரு கிழமைக்கு மூண்டு குளிசை.” மருந்து எடுத்துக் கொடுக்கிறது சித்தி. சித்திக்கு விளங்கியது, ஒரு கிழமை வரைக்கும் நாளுக்கு மூண்டு. காய்ச்சலுக்குத் தருகிற மருந்தை அப்படித்தானே குடிக்கிறம்? நாலாம் நாள் உறை வெறுமையாகிவிட்டது. அம்மம்மாவின் வாயெல்லாம் புண். மிச்ச நாளுக்குக் குளிசை வாங்கச் சித்தி மருந்துக்கடைக்குப் போனதால்தான் விஷயம் வெளித்தது. கடைக்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு, “உடன ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ” என்றார். அம்மம்மா தப்பிவிட்டார்.

மெதோட்ரெக்சேற் மூட்டுவாதத்துக்குக் கிழமையில் ஒரு நாள் மட்டும் குடிக்கிற மருந்து. நாளாந்தம் குடித்தால் எலும்பு மச்சையில் இரத்தம் உருவாகிறதையே அது நிறுத்திவிடும், உயிர் போகும். இந்தப் பிழை எங்கட ஊரில் மட்டும் நடக்கிறதில்லை. 2019 இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் இதைத் தடுக்கவென்றே பெட்டியில் எச்சரிக்கையும் நோயாளி வைத்திருக்க ஒரு அட்டையும் வேண்டும் என்றது.

பிறகு விசாரித்தபோது வாட்டில் சொன்ன பதில்: “நாங்கள் சரியாத்தானே எழுதினனாங்கள். வீட்டில பிழையாச் சொன்னா நாங்கள் என்ன செய்யிறது?”

இந்தப் பதிலைத்தான் நாங்கள் ஏற்கமாட்டோம். அந்த ஆங்கிலம் சரிதான். ஆனால் அது ஆங்கிலத்திலேயே நிற்கப்போவதில்லை என்று எழுதியவருக்குத் தெரியும். அட்டையிலிருந்து பேத்தி, பேத்தியிலிருந்து சித்தி என்று இரண்டு வாய் தாண்டித்தான் அது அம்மம்மாவிடம் போகும். ‘கிழமைக்கு’ என்ற எங்கள் சொல்லுக்கு ‘கிழமையில் ஒருக்கா’ என்றும் அர்த்தம், ‘கிழமை முழுக்க’ என்றும் அர்த்தம். பேத்தி கெட்டிக்காரியாய் இருந்தும் பிழை வந்தது இதனால்தான்.

ஆங்கிலத்திலேயே எழுதட்டும், ஆனால் இப்படி எழுதட்டும்: “திங்கட்கிழமை மட்டும். மெதோட்ரெக்சேற் 2.5 மி.கி. குளிசை 3, ஒரே தரத்தில். மற்ற ஆறு நாளும் குடிக்கக்கூடாது. மொத்தம் 12 குளிசை, நாலு திங்கள். முதல் திங்கள் முடிய 9 மிஞ்சவேண்டும்.” நாளின் பெயரை ஆர் மொழிபெயர்த்தாலும் திங்கள் திங்கள்தான். சொல் பிழைத்தாலும் மிஞ்சுகிற எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். ‘9 மிஞ்சவேணும்’ என்று இருந்திருந்தால் சித்தி இரண்டாம் நாளே நிறுத்தியிருப்பா. குளிசையின் அளவையும் எழுதத்தான் வேண்டும். 10 மி.கி. குளிசையும் இருக்கிறது, அதில் மூண்டு என்றால் 30 மி.கி. இதோடு வேறொரு நாளில் குடிக்கச் சொல்லி போலிக் அசிட்டும் தருவார்கள். இரண்டும் மஞ்சளாய் இருக்கலாம் என்பதால் நிறத்தை நம்பாமல் அதற்கும் நாளின் பெயர் வேண்டும்.

அடுத்தது அந்த ‘அன்வெல்’. பேத்தி அதைச் “சுகமில்லாட்டி வரச் சொல்லியிருக்கு” என்று சரியாகவே சொன்னாள். அம்மம்மாவுக்கு எண்டைக்குச் சுகம் இருந்தது? வாய்ப்புண்ணையும் சூடு எண்டுதான் நினைத்தா. “காய்ச்சல், தொண்டை நோ, வாய்ப்புண், புதிதாய் வறட்டு இருமல், மூச்சு முட்டுதல், காரணமில்லாத கண்டல். இதில் ஒன்று வந்தாலும் அடுத்த முறைக் குளிசையைக் குடிக்காமல் அன்றே வரவும்.” இப்படி உடம்பில் தெரிகிறதை எழுதினால் பேத்தி ஒவ்வொன்றாய்த் தமிழில் சொல்லலாம், அம்மம்மா ஒவ்வொன்றுக்கும் ஓம், இல்லை சொல்லலாம்.

‘தமிழிலேயே தரச்சொல்லிக் கேளுங்கோவன்’ என்பீர்கள். கேட்கிறோம், அது அரசியலமைப்பில் உள்ள உரிமை, விடமாட்டோம். ஆனால் “வாரத்திற்கு மூன்று மாத்திரைகள்” என்று தமிழில் அச்சடித்துத் தந்தாலும் சித்தி அதே பிழையைத்தான் விட்டிருப்பா.

‘வாட்டில் நேரமில்லை’ என்பதும் உண்மை. நாங்கள் கேட்கிறது நாலு வரியும் ஒரு நிமிசமும். துண்டு வெட்டும்போது உறையைச் சித்தியின் கையில் கொடுத்து, “திங்கள் குடுக்கிறதை எடுத்துக் காட்டுங்கோ, செவ்வாய் குடுக்கிறதையும் காட்டுங்கோ” என்று கேட்கட்டும். தமிழ் தெரியாத டொக்டரும் கலண்டரில் விரலை வைத்துக் கேட்கலாம். செவ்வாய்க்கும் சித்தி மூண்டு குளிசை எடுத்தால், வீட்டில் நடக்கப்போகிற பிழை வாட்டிலேயே கண்ணில் படும்.