அடியார் மகளிர்: உயிர் தரித்த தமக்கையார் திலகவதியார்

சிவாலயப் பிராகாரத்தில் அறுபத்து மூவர் திருமேனிகளின் முன் பெண்மக்களை அழைத்துச் செல்லும் தாய்மார்கள், மூன்று இடங்களில் சற்று நின்று காட்டுவது வழக்கம். அமர்ந்த கோலத்தில் காரைக்கால் அம்மையார், பாண்டிமாதேவியாகிய மங்கையர்க்கரசியார், சுந்தரரைப் பெற்ற இசைஞானியார். அந்த வரிசையில் எத்தனை முறை தேடினாலும் திலகவதியார் அகப்படமாட்டார். அவர் அறுபத்து மூவருள் ஒருவராக எண்ணப்படவில்லை. அவருடைய வரலாறு பெரியபுராணத்தில் தம்பியாராகிய திருநாவுக்கரசரின் புராணத்துக்குள்ளே அமைந்திருக்கிறது. 400க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்தப் பெரும் புராணத்தின் தொடக்கப் பகுதியில் அவர் வருகிறார். தம்பியைத் திருவதிகை இறைவன் திருமுன் சேர்த்தபின் நூல் அவரை அதிகம் பேசுவதில்லை. ஆயினும் அந்தச் சிறு பகுதியில் சேக்கிழார் அவருக்கு அளித்திருக்கும் இடம் மிகப் பெரியது.

திருமுனைப்பாடி நாட்டில், இன்றைய பண்ருட்டிக்கு அருகே உள்ள திருவாமூரில், குறுக்கையர் குடியில் தோன்றிய வேளாளர் புகழனார். அவருடைய மனைவியார் மாதினியார். மூத்த குழந்தை திலகவதி. ஆண்டுகள் சில கழிந்து பிறந்த தம்பி மருணீக்கியார். திலகவதியாருக்குப் பன்னிரண்டு வயது ஆனபோது, அரசனுடைய சேனைத்தலைவராகிய கலிப்பகையார் அவரை மணம்பேசப் பெரியோரை அனுப்பினார். புகழனார் இசைந்தார். மணநாளுக்கு முன்பே வடபுலத்து மன்னரோடு போர் மூண்டது. அரசன் ஆணைப்படி கலிப்பகையார் களத்துக்குச் சென்றார்.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே இங்கே வீட்டில் இடி விழுந்தது. புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியார் சுற்றத்தாரையும் மக்களையும் விட்டுக் கணவரோடு உடன் உயிர் நீத்தார்.

இந்த இடத்தில்தான் கதை சொல்லும் தாய்மார்கள் பெரும்பாலும் தடுமாறுகின்றனர். ‘தாயும் தந்தையும் இறந்துபோனார்கள்’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். மிகச் சிறிய குழந்தைகளுக்கு அதுவே போதும். ஆனால் பத்து வயதைக் கடந்த பெண்ணுக்கு இதனை உள்ளவாறு சொல்லவேண்டும். ஏனெனில் அடுத்து வரும் நிகழ்ச்சியின் கனம் முழுவதும் இதன்மேல் ஏறி நிற்கிறது. ‘இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு அம்மா ஏன் போனாள்?’ என்று பெண் கேட்பாள். கேட்கட்டும். அக்காலத்து வழக்கம் அது என்று சொல்லலாம். அதற்கு மேல் மாதினியாருக்காக வாதாடவும் வேண்டாம், அவரைப் பழிக்கவும் வேண்டாம். சேக்கிழாரும் அவரைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே நிலையில் மகளை நிறுத்தி, அவள் என்ன செய்தாள் என்பதை அடுத்துக் காட்டுகிறார்.

பெற்றோருக்குச் செய்யவேண்டிய கடன்கள் முடிந்து, துயரம் சற்றும் தணியாத வேளையில், கலிப்பகையார் களத்தில் வீழ்ந்தார் என்ற செய்தி வந்தது. திலகவதியார் தாம் செய்யவேண்டுவது இன்னது என்று உடனே முடிவு செய்தார். ‘தந்தையும் தாயும் என்னை அவருக்குக் கொடுக்க இசைந்தனர். ஆகவே நான் அவருக்கே உரியவள். இந்த உயிரை அவர் உயிரோடு சேர்ப்பேன்’ என்று எழுந்தார். அவர் கண்முன் இருந்த வழி தாயார் சென்ற வழியே. மணம் நிகழவில்லை, மாப்பிள்ளையின் முகத்தை அவர் கண்டதாகவும் நூலில் குறிப்பில்லை. பெற்றோர் தந்த வாக்கு ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அப்போது மருணீக்கியார் ஓடிவந்து தமக்கையின் திருவடிகளில் வீழ்ந்து அழுதார். பெற்றோர் மறைந்தபின்னும் தாம் உயிரோடிருப்பது தமக்கையாரைக் கண்டு வணங்கலாம் என்ற ஒன்றுக்காகவே. அவரும் தம்மை விட்டு நீங்குவாராயின், அவருக்கு முன்னே தாம் உயிர் விடுவது உறுதி. இவ்வளவே அச்சிறுவர் சொன்னது. ‘எனக்குச் சோறிட யார் உளர்’ என்றோ, ‘என்னை வளர்க்க யார் உளர்’ என்றோ அவர் கேட்கவில்லை. தாய் விட்டுச் சென்றதைக் கண்ட குழந்தை, மீண்டும் ஒருமுறை அதனைக் காண ஒப்பவில்லை.

திலகவதியார் நின்றார். தம்பி உயிரோடிருக்கவேண்டும் என்ற இரக்கம் அவருடைய முடிவைத் தடுத்தது. உயிர் தரித்தார். பொன்னும் மணியும் பூணாமல், எல்லா உயிர்களிடத்தும் அருள் பூண்டு, இல்லத்திலேயே தவம் செய்து வாழ்ந்தார் என்று சேக்கிழார் அந்த வாழ்வைக் காட்டுகிறார். மணமகளுக்குரிய அணிகள் இருக்கவேண்டிய இடத்தில் அருள் இருந்தது. மாதினியார் பிள்ளைகளை விட்டுச் சென்றார்; பன்னிரண்டு வயது மகள் ஒரு பிள்ளைக்காகத் தங்கினார். இரண்டையும் ஒரே புராணத்தில், சில பாடல்கள் இடைவெளியில் வைத்த புலவர், எது உயர்ந்தது என்று வாய்திறந்து சொல்லவில்லை. ஆனால் அவருடைய காப்பியம் தொடர்ந்து செல்வது தங்கிய மகளின் வழியில்தான்.

கதை சொல்வோர் பலர் இவ்விடத்தில் நிறுத்தி, ‘தம்பிக்காக வாழ்ந்த தியாகச் செல்வி’ என்று முடித்துவிடுவதுண்டு. அது பாதிக் கதை; பெண்மக்களுக்குச் சொல்லும்போது அது சற்று ஆபத்தான பாதியும்கூட. ஏனெனில் யாருக்காக அவர் உயிர் தரித்தாரோ அந்தத் தம்பி அவரை விட்டுப் போனார்.

மருணீக்கியார் வளர்ந்தார். நிலையாமையை உணர்ந்து பொருளையெல்லாம் அறச்சாலைகளுக்கும் தண்ணீர்ப் பந்தல்களுக்கும் சோலைகளுக்கும் குளங்களுக்கும் செலவிட்டார். பின்பு மெய்ந்நெறி எது என்று தேடிச் சமண சமயத்தைச் சார்ந்தார். பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூரை அடைந்து, அங்கிருந்த சமணப் பள்ளியில் நூல்களைக் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றார். இன்று கடலூர் நகரத்தின் ஒரு பகுதி அவ்வூர்.

வீட்டில் தமக்கையார் மட்டும். உயிர் தரித்ததற்குக் காரணமாயிருந்தவர் இப்போது அருகில் இல்லை. முன்பு ஒருமுறை உயிரை விட எழுந்தவர் இப்போது என்ன செய்தார்? சுற்றத் தொடர்பை ஒழித்து, சிவபெருமானையே சார்வாகக் கொண்டு, திருவாமூரை விட்டுக் கெடில நதியின் வடகரையில் உள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். அங்கே ஒரு மடத்தில் தங்கித் திருத்தொண்டு செய்யலானார். இந்த முடிவை அவருக்காக வேறு எவரும் எடுக்கவில்லை. எவருடைய வாக்கையும் காக்க அவர் இதனைச் செய்யவும் இல்லை. முதல் முடிவு பெற்றோர் சொல்லைப் பற்றியது. இரண்டாவது தம்பியின் கண்ணீரைப் பற்றியது. இந்த மூன்றாவது அவருடையது. பெண்மக்களுக்கு இதனை விரித்துச் சொல்வது நல்லது.

அத்தொண்டு எத்தகையது என்பதைச் சேக்கிழார் விவரமாகவே கூறுகிறார். விடியுமுன் எழுவார். திருவலகு கொண்டு கோயிலைப் பெருக்குவார். ஆவின் சாணத்தால் திருமெழுக்கிடுவார். மலர் கொய்து மாலை தொடுப்பார். இன்று கோயில் முற்றத்தில் கோலமிடும் எந்தச் சிறுமிக்கும் இவை அறியாத வேலைகள் அல்ல. இவற்றைச் செய்துகொண்டே அவர் இறைவனிடம் ஒரு விண்ணப்பத்தை நாள்தோறும் வைத்தார்: ‘என்னை ஆட்கொண்டது மெய்யானால், என் பின்வந்தவனைப் பரசமயக் குழியிலிருந்து எடுத்தாளவேண்டும்.’ இறைவன் கனவில் தோன்றி, ‘உன் மனக்கவலை ஒழிக, முன்னமே நம்மை அடையத் தவம் செய்தவன் அவன், சூலை தந்து ஆள்வோம்’ என்று அருளினார்.

தருமசேனரின் வயிற்றில் சூலை பற்றியது. பள்ளியில் இருந்தோர் மந்திரித்தனர். மயிற்பீலி கொண்டு தடவினர். வலி மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. கைவிடப்பட்ட நிலையில் அவருக்குத் தமக்கையாரின் நினைவு வந்தது. சமையல் செய்பவன் ஒருவனை அனுப்பினார். அவன் திருவதிகையை அடைந்தபோது திலகவதியார் நந்தவனத்துப் பக்கம் இருந்தார். ‘தீங்கு ஏதும் உண்டோ?’ என்று அவரே முதலில் கேட்டார். தம்பி படும் துன்பத்தை அவன் சொல்லி, உய்யும் வழி வேண்டுவதையும் உரைத்தான்.

எந்தத் தமக்கையும் அந்நேரமே புறப்பட்டிருப்பாள். திலகவதியார் புறப்படவில்லை. ‘சமணப் பள்ளிக்கு நான் வாரேன் என்று சொல்’ என்றார். அவர் சொல்லில் கடுமை இருந்ததா என்று பெண்கள் கேட்கக்கூடும். நாள்தோறும் தம்பிக்காக அழுது வேண்டியவர் அவர். தம்பியின் உயிருக்காகத் தம் சாவையே விட்டவர். அன்பு இல்லாத மறுப்பு அன்று அது. வழி எங்கே தொடங்கவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். தம்பி தாமே நடந்து வரவேண்டும்.

தம்பி வந்தார். உடுத்த பாயையும், உறியில் தூங்கிய கமண்டலத்தையும், மயிற்பீலியையும் அங்கேயே விட்டு, வெள்ளாடை உடுத்து, அணைத்து வருவாரின் கையைப் பற்றிக்கொண்டு, பிறர் அறியாமல் இரவில் புறப்பட்டார். இன்றைய சாலையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவு. சூலை முறுக்கும் வயிற்றோடு அந்த நடை. மடத்தை அடைந்து தமக்கையின் திருவடிகளில் வீழ்ந்தார். முன்பு சிறுவராய் வீழ்ந்த அதே திருவடிகள். அன்று ‘போகாதீர்’ என்று வீழ்ந்தவர், இன்று ‘கரையேற்றும்’ என்று வீழ்ந்தார்.

தமக்கையார் ‘ஏன் போனாய்?’ என்று கேட்கவில்லை. போன ஆண்டுகளைக் கணக்குப் பார்க்கவில்லை. இறைவன் திருவருளை நினைந்து, எழுந்திருக்கச் சொல்லி, ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். தம்பி அதனைப் பெருவாழ்வாகப் பெற்று மேனி நிறையப் பூசிக்கொண்டார். திருப்பள்ளியெழுச்சிக்குரிய வேளை வந்தது. அன்றும் அவர் தம் தொண்டை நிறுத்தவில்லை. திருவலகும் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். தம்பி பின்னே நடந்தார்.

அந்த விடியலில் வீரட்டானேசுவரர் திருமுன் பாடிய பதிகமே திருநாவுக்கரசரின் முதல் தேவாரம் என்பதும், சூலை அகன்றதும், நாவுக்கரசு என்னும் பெயர் வானில் எழுந்த ஒலியால் வழங்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை. அதன்பின் அவர் உழவாரப்படையைக் கையில் ஏந்தினார். கோயில் தோறும் புல் செதுக்கிய அந்தக் கருவியோடுதான் இன்றும் அவர் திருமேனி நிற்கிறது. அது அவர் கைக்கு வருமுன்னே, அதே திருமுற்றத்தில் நெடுங்காலமாக ஒரு திருவலகு இயங்கிக்கொண்டிருந்தது.

(அடுத்த இதழில்: மங்கையர்க்கரசியார்)