எது மேல்படி?



ஒரே பொருளை மூன்று விலையில் விற்கப்போகிறோம், பேசிக், பிளஸ், புரோ என்று பெயர் வைத்தால் சரியாக இருக்குமா என்று தொழில் செய்யும் வாசகர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். மைக்ரோசாஃப்ட் பட்ட பாட்டில் இதற்கு நல்ல பதில் இருக்கிறது.

2007 தொடக்கத்தில் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தபோது ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம், பிசினஸ், அல்டிமேட் என்று நான்கு பெட்டிகள் இருந்தன. பேசிக்குக்கு மேல் பிரீமியம், உச்சியில் அல்டிமேட் என்பது யாருக்கும் விளங்கும். ஆனால் பிரீமியம் மேலா, பிசினஸ் மேலா? பெயரை வைத்துச் சொல்ல முடியாது. பிரீமியம் என்பது தரத்தைச் சொல்கிறது. பிசினஸ் என்பது யாருக்கான பொருள் என்று சொல்கிறது. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் ஏணி அங்கேயே முறிந்துவிடும்.

உள்ளே இருந்த சரக்கும் அப்படித்தான். அலுவலகக் கணினிகளின் டொமைனில் சேரும் வசதி பிசினஸில் இருந்தது. டிவியும் படமும் பார்க்க உதவும் மீடியா சென்டர் இல்லை. பிரீமியத்தில் மீடியா சென்டர் இருந்தது. டொமைன் வசதி இல்லை. பிசினஸின் விலை அதிகம். கூடுதல் பணம் கொடுத்தவருக்கு ஒரு வசதி கிடைத்தது, இன்னொன்று போனது. இரண்டும் வேண்டுமென்றால் அல்டிமேட்தான் வாங்க வேண்டும்.

2009-இல் விண்டோஸ் 7 வந்தபோது இதைத் திருத்தினார்கள். ஹோம் பிரீமியத்தில் உள்ள அத்தனையும் பிசினஸின் இடத்துக்கு வந்த புரொஃபஷனலில் இருந்தது, அதற்கு மேலும் இருந்தது. பெயரை மட்டும் மாற்றாமல் சரக்கையும் மாற்றியதால்தான் ஏணி நிமிர்ந்தது.

நீங்கள் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் விற்பதாக வைத்துக்கொள்வோம். பேசிக்கில் பில் போடலாம். பிளஸில் பில்லோடு சரக்கு இருப்பும் பார்க்கலாம். புரோவில் அவை இரண்டோடு பல கிளைகளின் கணக்கையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். இந்தப் பெயர்கள் இதற்குப் பொருந்தும். நான்காவதாக பிரீமியம் என்று ஒன்றைச் சேர்த்தால் அது புரோவுக்கு மேலா கீழா என்ற குழப்பம் வந்துவிடும். மருந்துக்கடைக்கென்று காலாவதித் தேதி பார்க்கும் வசதியோடு தனியாக ஒன்று செய்தால், அதை இந்த ஏணியில் ஏற்றாதீர்கள். மருந்துக்கடைப் பதிப்பு என்றே பெயரிட்டுப் பக்கத்தில் வையுங்கள்.

விலைப்பட்டியல் அச்சிடும் முன் பெயர்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, விலை சொல்லாமல், உங்கள் பொருளை அறியாத சிலரிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ஆளுக்கொரு வரிசை வந்தால் பெயரை மாற்றுங்கள். பிறகு, ஒரு படி மேலே போகிறவர் எதையாவது இழக்கிறாரா என்று நீங்களே பாருங்கள். இழக்கிறார் என்றால் மாற்ற வேண்டியது பொருளை.

அன்புடன்,
ஆசிரியர்